பெட்டி பரணில் இருந்தவரை: சொக்கனின் தடுப்பூசிப் பயணம்

போன வருடம் சொக்கனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோன விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் நாங்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் அன்று நடந்த ஏதோ ஒன்றிலிருந்து வந்ததுதான்.

சொக்கன் ஐந்து வயது ஆண் பூனை. கருத்தடை செய்தவன், சாம்பல் வரி போட்டவன், நாலரைக் கிலோ எடை. எங்கள் வீடு கடலூர் முதுநகரில் இருக்கிறது. போகவேண்டிய கால்நடை மருத்துவமனை கெடிலம் ஆற்றைத் தாண்டி மஞ்சக்குப்பம் பக்கம். அன்று காலை பரணிலிருந்து பூனையைக் கொண்டுபோகும் பெட்டியை இறக்கினேன். ஏணியைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டதுமே அவன் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டான். துடைப்பக்கட்டையால் தள்ளி, பிடித்து, தலையை முதலில் பெட்டிக்குள் திணித்தபோது நான்கு கால்களையும் வாசல் விளிம்பில் ஊன்றிக்கொண்டான். ஒரு காலை மடக்கினால் மற்றது வெளியே வந்தது. கடைசியில் என் வலது கட்டைவிரலுக்குக் கீழே நன்றாகக் கடித்துவிட்டான். பெட்டியை விட்டுவிட்டு அம்மா அவனைக் கட்டைப்பைக்குள் போட்டு வாயைக் கட்டினார். ஆட்டோவில் பை முழுக்கச் சிறுநீர்.

மருத்துவமனையில் பையைக் கவிழ்த்து அவனை எஃகு மேசையில் கொட்டினார்கள். உதவியாளர் பிடரியைப் பிடித்து அழுத்தினார். இரண்டு ஊசி போடவேண்டிய இடத்தில் ஒன்றைத்தான் போட முடிந்தது. அவனைத் தூக்கியபோது மேசையின் மேல் நான்கு ஈரமான பாதத்தடங்கள் இருந்தன. பூனைக்கு வியர்ப்பது உள்ளங்காலில்தான், பயந்தால் அங்கே ஈரம் கசியும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அந்த நான்கு தடங்களும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. கடிபட்ட என் கையைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினேன்; அரசு மருத்துவமனையில் அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் ஊசி போட்டார்கள். பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் மற்றவை. பூனைக்கடியைச் சிறிய காயம் என்று யாரும் விட்டுவிடவேண்டாம். பல் சன்னமானது, ஆழமாக இறங்கும், மேலே பார்த்தால் இரண்டு புள்ளிதான் தெரியும்.

இந்த வருடம் தடுப்பூசிக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்தேன். புதிதாகப் பார்த்த டாக்டரம்மாவிடம் பூனையை எடுத்துப்போகாமல் நான் மட்டும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “மற்ற நாட்களில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது?” பரணில் என்றேன். “அப்படியென்றால் அவனுக்கு அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்தது ஒரே விஷயம்தான்” என்றார்.

முதலில் பெட்டியைச் சரிசெய்தேன். அது மேல்பாதியும் கீழ்ப்பாதியும் தனியாகக் கழன்று வரும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. முன்னால் கம்பிக் கதவு. உள்ளே சொக்கன் எழுந்து நிற்கவும் ஒரு சுற்றுத் திரும்பவும் இடம் இருக்கிறது. இரண்டு பாதிகளையும் நான்கு பிளாஸ்டிக் கொக்கிகளும் இரண்டு இரும்பு போல்ட்டுகளும் சேர்த்துப் பிடித்திருந்தன. கடல்காற்றில் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. கொக்கிகளைத் திறக்கும்போது ஒவ்வொன்றும் ‘டக்’கென்று ஓசை கொடுத்தது. அந்தப் பெட்டிக்குள் என் தலையை விட்டு, அம்மாவை ஒரு கொக்கியைத் திறக்கச் சொன்னேன். காதருகில் பட்டாசு வெடித்ததுபோல் இருந்தது. நம்மைவிடப் பல மடங்கு நுட்பமாகக் கேட்கும் காதுக்கு அது எப்படி இருக்கும்!

கொக்கிகளையும் போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, ஆறு துளைகளிலும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுப் போட்டு, விரலாலேயே திருகக்கூடிய நட்டுகளை மாட்டினேன். இப்போது ஒரு நிமிடத்துக்குள், ஓசையில்லாமல் மேல்பாதியைத் தூக்கிவிடலாம். இது ஏன் முக்கியம் என்பது கடைசியில் தெரியும். கம்பிக் கதவு ஆடும்போது கிணுகிணுத்தது. அது உட்காரும் இடத்தில் பழைய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்துச் சுற்றினேன். கீலில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய். போன வருடச் சிறுநீர் வாடை உள்ளே இன்னும் இருந்தது. பாத்திரம் துலக்கும் சோப்பால் மூன்று முறை கழுவி இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். ஃபினாயில் ஊற்றப் போன அம்மாவைத் தடுத்தேன். அந்த வகைக் கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. பாதத்தில் பட்டதை நக்கி உள்ளே கொண்டுபோய்விடும், அதன் கல்லீரலால் அதைச் சரிவர முறித்து வெளியேற்ற முடியாது.

அதன் பிறகு பயிற்சி. முதல் வாரம் கீழ்ப்பாதியை மட்டும்தான் வைத்தேன். மேலே கூரை இல்லாததால் அது வெறும் தட்டுப்போல இருந்தது. சொக்கன் வழக்கமாகப் படுக்கும் ஜன்னல் ஓரத்தில், அவன் படுத்துப் பழகிய அம்மாவின் பழைய நூல்புடவையை நாலாக மடித்து உள்ளே விரித்தேன். புடவையைத் துவைக்கவில்லை, அவன் வாசம் அதில் இருக்கவேண்டும். அவனைத் தூக்கி உள்ளே வைக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு முன் மூன்று நான்கு நிமிடம் மட்டும் பயிற்சி. துறைமுகத்தில் வாங்கிய நெத்திலியை உப்புப் போடாமல் வேகவைத்து, முள் நீக்கி, பட்டாணி அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொண்டேன். கருவாடு கொடுத்தால் இன்னும் ஆசையாக வருவான்தான், ஆனால் அதில் உப்பு அதிகம். இந்த நெத்திலி பயிற்சி நேரம் தவிர வேறு எப்போதும் கிடையாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். முதல் நாள் பெட்டியிலிருந்து நான்கு முழம் தள்ளி வைத்தேன். அடுத்தடுத்த வேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, பிறகு விளிம்பில், பிறகு உள்ளே.

எப்போது அடுத்த படிக்குப் போகலாம் என்பதைப் பின்னங்கால்களைப் பார்த்துத்தான் முடிவுசெய்தேன். நான்காம் நாள் சொக்கன் உள்ளே இருந்த மீனைத் தின்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தரையோடு உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தபோது, முன்னங்கால்கள் மட்டும் உள்ளே இருந்தன. கழுத்தை ரப்பர்போல நீட்டியிருந்தான். பின்னங்கால்கள் வெளியே, குதிகால் தூக்கி, திரும்பி ஓடத் தயாராக ஊன்றியிருந்தன. துண்டைக் கவ்வி வெளியே எடுத்துப்போய்த்தான் மென்றான். வாய்க்கு மீன் வேண்டும், கால்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. அந்த நிலையில் மூன்று நாள் நிறுத்தினேன். ஏழாம் நாள் காலையில் நான்கு கால்களும் உள்ளே இருந்தன, உட்கார்ந்தே மென்றான். அன்று மத்தியானம் யாரும் அழைக்காமலே போய்ப் புடவையில் படுத்து, காலை நக்கிக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் மேல்பாதியை மாட்டினேன். கதவு இல்லை. எதிர்பார்த்ததுபோல ஒரு நாள் பின்வாங்கினான். மறுபடி மீனை வாசலில் வைத்து இரண்டு நாளில் உள்ளே கொண்டுவந்தேன். கதவை மாட்டி, கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டித் திறந்தே வைத்தது பதினோராம் நாள். பன்னிரண்டாம் நாள்தான் முதல்முறை கதவை மூடினேன். மூடி, கம்பி வழியாக ஒரு துண்டு கொடுத்து, அவன் விழுங்குவதற்குள் திறந்துவிட்டேன். பிறகு ஐந்து விநாடி, பத்து விநாடி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கதவு மூடியிருக்கும்போதுதான் மீன் வரவேண்டும், திறந்ததும் நின்றுவிடவேண்டும். திறந்த பிறகு கொடுத்தால் வெளியே வருவதற்குக் கொடுக்கும் கூலியாகிவிடும்.

பதினான்காம் நாள் தவறு நடந்தது. கதவை மூடி அரை நிமிடம் ஆகியிருந்தது, கைபேசி அடித்தது. வேலை தொடர்பான அழைப்பு. பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டேன். நான்கைந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தபோது சொக்கன் கதவுக் கம்பியில் மூக்கைத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தான். நான் வைத்துவிட்டுப் போன மூன்று துண்டு மீனும் தொடாமல் அப்படியே கிடந்தன. திறந்ததும் பீரோவுக்குப் பின்னால். அடுத்த இரண்டு நாள் ஜன்னல் ஓரத்துக்கே வரவில்லை.

அந்த மூன்று துண்டு மீன் எனக்கு அளவுகோலாகிவிட்டது. பசியோடு இருக்கும் பூனை தனக்கு மிகப் பிடித்ததை மறுத்தால், பயம் அதற்குத் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பிறாண்டுவதும் கத்துவதும் அதற்கும் பிறகு வருபவை. அதற்கு முன்னாலேயே வேறு அடையாளங்களும் உண்டு. எதுவும் தின்னாமலே உதட்டை நக்குவது, காதுகள் பக்கவாட்டில் தட்டையாவது, நல்ல வெளிச்சத்திலும் கண்மணி அகன்று கறுப்பாக நிற்பது, உடம்பைத் தரையோடு ஒட்டி வாலை அடியில் சுருட்டிக்கொள்வது. ஆனால் அவசரத்தில் எளிதாகப் பார்க்க முடிவது மீன்தான். தின்கிறானா, இல்லையா. அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் அதை மட்டும் பார்த்தேன்.

மேல்பாதியையே கழற்றிவிட்டு முதல் வார நிலைக்குத் திரும்பினேன். இந்த முறை மூன்றே நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டான். பத்தொன்பதாம் நாள் கதவை மூடி இரண்டு நிமிடம் இருக்க முடிந்தது.

அடுத்தது தூக்குவது. மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் பெட்டி ஊஞ்சல்போல ஆடுகிறது. பூனையின் எடை ஒரு பக்கம் போனதும் இன்னும் சரிகிறது. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, சோற்றுப் பானையைத் தூக்குவதுபோல மார்போடு அணைத்துத் தூக்கவேண்டும். முதலில் ஒரு சாண் உயரம் தூக்கி இறக்கி ஒரு துண்டு மீன். பிறகு கூடத்தைச் சுற்றி. பிறகு வாசற்படி. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன். அவர் மூன்று சாயங்காலம் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினார். முதல் நாள் எஞ்சின் அணைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்து இறங்கினோம். இரண்டாம் நாள் எஞ்சினைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம். மூன்றாம் நாள் துறைமுகம் வரை போய்த் திரும்பினோம். “அம்மா, இவன் சவாரிக்குக் காசு தரமாட்டானா?” என்று அவர் கேட்டார். தரவேண்டியதைக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. அந்த மூன்று நாளும் போய்வந்ததும் வீட்டிலேதான் இறங்கினான் என்பது பெரிய விஷயம். பெட்டியில் ஏறினால் எப்போதும் ஊசியில் போய் முடியும் என்ற கணக்கு அவனுக்கு அங்கே உடைந்தது.

ஆட்டோவில் பெட்டியைக் காலடியில் தரையில் வைக்கக்கூடாது என்பதும் அப்போது தெரிந்தது. கையை வைத்துப் பார்த்தேன், தகட்டின் அதிர்வு முழங்கை வரை ஏறுகிறது. இருக்கையில் பழைய போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, கதவு என் பக்கம் இருக்கும்படி ஒரு கையால் அணைத்துக்கொண்டேன். மூன்று பக்கத்தை மெல்லிய பருத்தித் துண்டால் மூடினேன்; என் பக்கத்தை மட்டும் திறந்து வைத்தேன். நாலு பக்கமும் மூடினால் நம் ஊர் வெயிலில் உள்ளே புழுங்கிவிடும். பூனை நாயைப்போல வாயைத் திறந்து இளைத்தால் அது சாதாரணமானதல்ல. உடனே நிழலில் நிறுத்தி, துண்டை விலக்கிக் காற்றுப் பட விடவேண்டும், அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

இவ்வளவு நாள் கையில் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். ஆண் பூனை மணல்தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்கி, சிறுநீர் வராமல் திரும்பினால், அது அடைப்பாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி, பழக்கம் என்று காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே போகவேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் பெட்டியை வேறு அறையில் முன்கூட்டியே தயாராக வைத்து, கதவு மேலே பார்க்கும்படி செங்குத்தாக நிறுத்திவையுங்கள். பூனையைக் குளியலறைபோல ஒளிய இடமில்லாத சிறிய அறைக்குக் கொண்டுவந்து, பெரிய தடித்த துண்டை முதுகின்மேல் போட்டு, கழுத்திலிருந்து கால் வரை குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றுங்கள். வாலும் பின்னங்கால்களும் முதலில் இறங்கும்படி, துண்டோடு உள்ளே இறக்குங்கள். தான் எங்கே போகிறோம் என்று பார்க்காததால் விளிம்பில் கால் ஊன்றுவதில்லை. துண்டை உருவி எடுக்கவேண்டாம், உள்ளேயே இருக்கட்டும். பெட்டியை மெதுவாகப் படுக்கவையுங்கள். தலையை முதலில் திணிக்கும் முறையில்தான் நான் கடிபட்டேன்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா கபாபென்டின் என்ற மருந்தைக் கொடுத்தார். மனிதர்களுக்கு வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அதே மருந்துதான். பூனைகளுக்குப் பயணத்துக்கு முன் ஒருவேளை கொடுத்தால் பயம் குறைகிறது. சொக்கனின் எடையையும் முந்தைய உடல்நிலையையும் கேட்டுவிட்டு 100 மில்லிகிராம் எழுதினார். சிறுநீரகம் பழுதான பூனைக்கு அளவைக் குறைக்கவேண்டும், அதனால் மருந்துக் கடையில் நாமாக வாங்கிக் கொடுக்கும் மருந்தல்ல இது. “பயணத்தன்று முதல்முறையாகக் கொடுக்காதீர்கள். ஒரு விடுமுறை நாளில் வீட்டில் கொடுத்துப் பாருங்கள்” என்றார்.

இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கொடுத்துப் பார்த்தேன். கேப்சூலைப் பிரித்துப் பொடியை மசித்த மீனில் கலந்தேன். பொடி கொஞ்சம் கசப்பு. முதலில் வெறும் மீன் இரண்டு வாய், பிறகு மருந்து கலந்தது, மறுபடி வெறும் மீன் என்று கொடுத்தபோது தின்றுவிட்டான். ஒன்றரை மணி நேரத்தில் நடை தள்ளாடியது. ஜன்னல் திட்டில் ஏறப் பார்த்து வழுக்கினான். அன்று முழுக்க அவனை மாடிக்கும் மதிலுக்கும் விடவில்லை. இரண்டு மணி நேரம் ஆனபோது நன்றாகத் தளர்ந்து, தொட்டால் திரும்பிப் பார்த்துத் தலையால் செல்லமாக முட்டிக்கொண்டு படுத்திருந்தான். இரவுக்குள் பழையபடி ஆகிவிட்டான். அந்த ஒத்திகையால் எனக்கு நேரக்கணக்கு கிடைத்தது. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டேன். மருந்து ஏறுவதற்கு முன்பே பூனை மிரண்டுவிட்டால் அதன் பலன் குறைந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆகவே பயணத்தன்று துரத்திப் பிடிப்பதெல்லாம் எதுவும் கூடாது.

இருபத்தாறாம் நாள் புறப்பட்டோம். முதல் ஆளாக எங்களைப் பார்க்கும்படி முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். நாய்கள் வரத் தொடங்குவதற்குள் முடித்துவிடவேண்டும். முதல் நாள் இரவு வழக்கமான சாப்பாடு. காலை ஆறேகால் மணிக்கு மருந்து கலந்த மீன் மட்டும். பசி இருந்தால்தான் அங்கே தின்னக் கொடுப்பதற்கு மதிப்பு, ஆட்டோவில் வாந்தியும் எடுக்கமாட்டான். ஏழேமுக்காலுக்குப் பெட்டிக்குள் இரண்டு துண்டு வைத்தேன், அவனாகவே போனான். கதவை மூடினேன். போன வருடம் முக்கால் மணி நேரம் ஆன வேலை, கடியோடு. கெடிலம் பாலத்தில் ஒரு பஸ் பக்கத்தில் வந்து நீளமாக ஹாரன் அடித்தபோது உள்ளே புரண்டு ஒருமுறை கத்தினான். பேசிக்கொண்டே இருந்தேன். பாலம் இறங்கியதும் ஒரு துண்டு கொடுத்தேன், தின்றான்.

காத்திருக்கும் கூடத்துக்குள் நான் போகவில்லை. அம்மா மட்டும் போய் எங்கள் முறை வந்ததும் கைகாட்டினார். நாங்கள் ஆட்டோவிலேயே இருந்தோம். கூடத்தில் உட்காரவேண்டிய நிலை வந்தால் பெட்டியைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைக்கவேண்டும், கதவு சுவரைப் பார்க்கவேண்டும். நாயின் மூக்கு தரை மட்டத்தில்தான் வரும்.

உள்ளே போனதும் டாக்டரம்மா பெட்டியை மேசையில் வைக்கச் சொல்லி, கதவைத் திறந்து விட்டுவிட்டு, சொக்கனைப் பார்க்காமல் என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம். அவன் வெளியே வரவில்லை. “வரவேண்டாம்” என்றார். நான் ஆறு நட்டுகளையும் விரலால் திருகி எடுத்தேன். சத்தமே இல்லை. மேல்பாதியை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே வர, மறுபக்கத்திலிருந்து அவர் அதே பருத்தித் துண்டை அவன்மேல் படரவிட்டார். கூரை போனதற்குப் பதிலாகத் துணி வந்துவிட்டது. சொக்கன் தன் புடவைமேல், தன் பெட்டியின் கீழ்ப்பாதியில், துண்டுக்கு அடியில் இருந்தான். கடைசி வரை அந்த எஃகு மேசையை அவன் கால் தொடவே இல்லை.

அவர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றார். துண்டின் ஒரு ஓரத்தை மட்டும் விலக்கி ஸ்டெதஸ்கோப்பை உள்ளே விட்டு முதலில் இதயத்தைக் கேட்டார். நிமிடத்துக்கு 180. மருத்துவமனைக்கு வந்த பூனைக்கு இது சரியான அளவுதான் என்றார். பிறகு வயிறு, கழுத்து. வெப்பநிலை பார்ப்பதுதான் பூனைக்கு மிகவும் பிடிக்காதது, அதைப் பின்னுக்குத் தள்ளினார். ஊசிக்கு முன் மசித்த மீனை ஒரு கரண்டியில் எடுத்து அவன் முகத்தருகில் நீட்டச் சொன்னார். அவன் நக்கிக்கொண்டிருக்கும்போது முதல் ஊசி போய்விட்டது. தோல் மட்டும் லேசாகச் சிலிர்த்தது, நாக்கு நிற்கவில்லை.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குத் துண்டை விலக்கியபோது காதுகளைத் தட்டையாக்கிச் சீறினான். என் கை தானாகப் பிடரியை நோக்கிப் போனது. அவர் தடுத்தார். எல்லோரும் கையை எடுத்துவிட்டோம். துண்டை முழுக்க மூடிவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருந்தோம். மறுபடி கரண்டியை நீட்டினேன். முதலில் முகர்ந்து விலகினான், பிறகு நக்கினான். அப்போது போட்டார்.

பற்களைப் பார்க்கவேண்டும் என்று நான் கேட்டிருந்தேன், வாய் நாற்றம் இருந்தது. உதட்டை மட்டும் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். மேல் கடைவாய்ப் பல்லில் காறை படிந்திருக்கிறது, ஈறு லேசாகச் சிவந்திருக்கிறது என்றார். வாயைத் திறக்க முயன்றபோது அவன் மீனை மறுத்துவிட்டான். “இன்றைக்கு இது போதும். அவசியமானது முடிந்துவிட்டது, பல்லை இன்னொரு நாள் பார்ப்போம்” என்றார். எனக்கு அங்கே மனம் கேட்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு வந்திருக்கிறோமே, முடித்துவிடலாமே என்று தோன்றியது. அவர் சொன்னதே சரி. வலுக்கட்டாயமாக வாயைத் திறந்திருந்தால் இருபத்தாறு நாளும் அந்த ஒரு நிமிடத்தில் போயிருக்கும்.

எடை பார்க்கவும் அவனை இறக்கவில்லை. பெட்டியோடு சேர்த்து 6.7 கிலோ. வெறும் பெட்டியையும் துணியையும் வீட்டில் முன்பே நிறுத்து வைத்திருந்தேன், 2.2 கிலோ. மீதி 4.5.

வீடு திரும்பியதும் ஒரு சிக்கல் எதிர்பார்த்ததுதான். எங்கள் வீட்டில் சின்னி என்ற இன்னொரு பூனையும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக வளர்ந்தவை. ஆனால் மருத்துவமனை வாசத்தோடு வந்த சொக்கனைக் கண்டதும் சின்னி முதுகைத் தூக்கி உறுமியது. பூனைகள் ஒன்றையொன்று முகத்தால் அறிவதைவிட வாசத்தால் அறிகின்றன. வாசம் மாறியவன் வேற்றாள். போன வருடம் அப்போதே இரண்டையும் ஒன்றாக விட்டு மூன்று நாள் சண்டை நடந்தது. இந்த முறை சொக்கனைத் தனி அறையில் விட்டு, மருந்தின் தள்ளாட்டம் தீரும்வரை மாலை வரை கதவைச் சாத்திவைத்தேன். இரண்டும் படுக்கும் போர்வைத் துணியால் அவன் முதுகையும் கன்னங்களையும் நன்றாகத் துடைத்துவிட்டேன். மாலையில் திறந்தபோது சின்னி அவன் பின்பக்கத்தை நெடுநேரம் முகர்ந்துவிட்டுத் தன் தட்டுக்குப் போனது.

பெட்டியை அன்றே கழுவிப் புடவையை மாற்றி, திரும்பவும் ஜன்னல் ஓரத்தில், கதவைப் பின்னுக்குக் கட்டி வைத்தேன். இரவுச் சாப்பாட்டை அதன் வாசலில் வைத்தேன். தின்றான், உள்ளே போகவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் விடியற்காலை தண்ணீர் பிடிக்க எழுந்தபோது பெட்டிக்குள் சுருண்டு, வால் நுனி மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தான்.

பல்லுக்கு ஐப்பசியில் போகவேண்டும். அப்போது மழை இருக்கும், ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதா இறக்கிவிடுவார்கள். காற்றில் அந்தப் படுதா படபடவென்று அடிக்கும் சத்தத்தை அவன் இதுவரை கேட்டதில்லை. ஆட்டோ அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். புரட்டாசி முடிவதற்குள் இரண்டு சாயங்காலம் படுதாவை இறக்கி எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.